பெயர் இங்கே, கோப்பு எங்கே?

விண்டோஸ் கணினியில் ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறக்கிறோம். பழைய கல்யாண வீடியோ ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து `Properties` பார்க்கிறோம். இப்படி இரண்டு வரிகள் தெரியலாம்:

```
Size:         4.00 GB
Size on disk: 0 bytes
```

வீடியோவின் அளவு நான்கு ஜிபி. ஆனால் நம் கணினியில் அது பிடித்திருக்கும் இடம் பூஜ்யம். இரண்டு வரியும் உண்மைதான். பெயர், தேதி, அளவு, சின்னப் படம் எல்லாம் இங்கே இருக்கின்றன. வீடியோ மட்டும் இங்கே இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. இப்படிப் பெயரை மட்டும் தாங்கி நிற்கும் கோப்பைப் பிளேஸ்ஹோல்டர் என்கிறார்கள். இந்த வசதிக்கு ஒன்டிரைவ் வைத்திருக்கும் பெயர் `Files On-Demand`.

கிளவுட் டிரைவைக் கணினியில் வைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. எல்லாக் கோப்புகளையும் முழுதாக இறக்கி வைப்பது ஒன்று. வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்குவது இரண்டாவது. பெயர்களை எல்லாம் காட்டிவிட்டு, திறக்கும்போது மட்டும் உள்ளடக்கத்தைக் கொண்டுவருவது மூன்றாவது. இவற்றை வட்டில் இடம் மிச்சமாகும் கணக்காக மட்டும் பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் கோப்புகளை இழக்கிறார்கள். மூன்றையும் ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கண்ணுக்குத் தெரிவது என்ன? கையில் உண்மையில் இருப்பது என்ன? இங்கே `Delete` அழுத்தினால் எங்கெல்லாம் அழியும்?

ஒருமுறை கைவிடப்பட்ட வசதி

பிளேஸ்ஹோல்டர் புதிதல்ல. 2013இல் வந்த விண்டோஸ் 8.1இலேயே, அப்போது ஸ்கைடிரைவ் என்று அழைக்கப்பட்ட சேவையில், இது இருந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. கோப்பு இருப்பதுபோல் தெரிகிறது, இணையம் இல்லாத இடத்தில் திறக்கப் போனால் திறப்பதில்லை, இது பயனர்களைக் குழப்புகிறது என்பது ஒரு காரணம். சில செயலிகள் இந்தப் பெயர் மட்டும் உள்ள கோப்புகளோடு சரியாக வேலை செய்யவில்லை என்பது இன்னொன்று. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. டிக் வைத்தால் ஃபோல்டர் முழுதாக இறங்கும். டிக் எடுத்தால் கணினியில் அது இருக்கிற அடையாளமே தெரியாது.

பயனர்கள் விடவில்லை. பழைய வசதி வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார்கள். 2017 அக்டோபரில், விண்டோஸ் 10இன் ஃபால் கிரியேட்டர்ஸ் அப்டேட்டோடு அது திரும்பி வந்தது. இம்முறை பிளேஸ்ஹோல்டரைக் கையாளும் பொறுப்பு விண்டோஸின் அடித்தளத்திலேயே வைக்கப்பட்டது. `cldflt.sys` என்ற ஒரு டிரைவர் நடுவில் நிற்கிறது. வீடியோ பிளேயரோ வேர்டோ ஒரு கோப்பைப் படிக்கக் கேட்டதும், கோப்பின் உள்ளடக்கம் வட்டில் இருக்கிறதா என்று அது பார்க்கும். இல்லையென்றால் கேட்ட செயலியைக் காக்க வைத்துவிட்டு, ஒன்டிரைவிடம் சொல்லி உள்ளடக்கத்தை இறக்கி, பிறகு கையில் கொடுக்கும். செயலிக்கு இது எதுவும் தெரியாது. வட்டு கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். பெரிய கோப்பைத் திறக்கும்போது சில செயலிகள் உறைந்து நின்று `Not Responding` காட்டுவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

செயலிகளின் சிக்கல் இப்படிப் பெரும்பாலும் தீர்ந்தது. மனிதர்களின் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. இறங்காத புகைப்படத்துக்குக்கூட அதன் சிறிய உருவத்தை ஒன்டிரைவ் வரவழைத்துக் காட்டிவிடுகிறது. படம் கண்ணெதிரே தெரியும்போது அது கணினியில் இல்லை என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு ஸ்டுடியோ, மூன்று கணினிகள்

வித்தியாசத்தைக் கணக்கோடு பார்க்கலாம். ஒரு கல்யாண ஸ்டுடியோவின் ஒன்டிரைவ் கணக்கில் 1 டிபி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 ஜிபி நிரம்பியிருக்கிறது. ஏழு வருட ஆல்பங்கள், வீடியோக்கள், பில்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அதில்தான். உரிமையாளரின் லேப்டாப்பில் 256 ஜிபி வட்டு. விண்டோஸும் எடிட்டிங் மென்பொருள்களும் போக, காலியாக இருப்பது 120 ஜிபி. ஸ்டுடியோவின் இணைய வேகம் 40 எம்பிபிஎஸ்.

முழு நகல் இந்த லேப்டாப்பில் நடக்காது. 400ஐ 120இல் அடக்க முடியாது. பெரிய வட்டு வாங்கினாலும், 400 ஜிபியை 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க இடைவிடாமல் சுமார் 22 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பினால் 200 நாள். ஆனால் ஒருமுறை இறங்கிவிட்டால் அதன் பலன் தனி. இணையம் இல்லாவிட்டாலும் எல்லாம் திறக்கும். 4 ஜிபி வீடியோ நொடியில் ஓடும். ஃபைலின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினாலும் கிடைக்கும்.

அடுத்தது தேர்ந்தெடுக்கும் முறை. ஒன்டிரைவின் அமைப்பில் `Choose folders` என்பதைத் திறந்து, இந்த வருட ஆல்பத்துக்கும் பில்களுக்கும் மட்டும் டிக் வைக்கிறார் உரிமையாளர். 65 ஜிபி இறங்குகிறது. அந்த 65 ஜிபியும் உண்மையான, முழுமையான கோப்புகள். இணையம் இல்லாமலும் திறக்கும். மீதி 335 ஜிபி லேப்டாப்பில் இல்லை. இல்லை என்பதும் தெளிவாகத் தெரிகிறது. 2021இல் கல்யாணம் முடித்த வாடிக்கையாளர் ஃபோன் செய்து ஒரு படம் கேட்டால், லேப்டாப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். இது ஒரு குறை. ஆனால் கண்ணில் படாததை யாரும் தவறி அழிக்க முடியாது என்பதால் இதிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது.

மூன்றாவது, பிளேஸ்ஹோல்டர். 400 ஜிபியும் ஃபோல்டர் ஃபோல்டராகத் தெரிகிறது. வட்டில் பிடிக்கும் இடமோ மிகச் சொற்பம். 2021 ஆல்பத்தைத் தேடினால் பெயரை வைத்து உடனே கிடைக்கும். 5 எம்பி படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றிரண்டு நொடியில் திறக்கும். இணையத்திலிருந்து வந்ததே தெரியாது. 4 ஜிபி வீடியோ முழுதாக இறங்கக் கால் மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும் மண்டபத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. உள்ளடக்கமே கணினியில் இல்லாதபோது விண்டோஸ் எதைத் தேடும்?

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை திறந்த கோப்பு கணினியிலேயே தங்கிவிடும். பத்து பெரிய வீடியோக்களைத் திறந்து பார்த்தால் 40 ஜிபி போய்விடும். `Free up space` கொடுத்துத்தான் அதை மீண்டும் பெயர் மட்டும் உள்ளதாக மாற்ற வேண்டும். விண்டோஸின் `Storage Sense` இதைத் தானாகவும் செய்யும். 1, 14, 30 அல்லது 60 நாள் திறக்காத கிளவுட் கோப்புகளின் உள்ளடக்கத்தை அகற்றும்படி அதில் சொல்லி வைக்கலாம். பயணத்துக்கு முன் இந்த அமைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. போன மாதம் திறந்த கோப்பு இந்த மாதம் ரயிலில் திறக்காமல் போவதற்குக் காரணம் பல நேரம் இதுவாக இருக்கும்.

சின்னங்கள் சொல்வது

ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு சின்னம் இருக்கும். நீல நிற வெளிக்கோட்டு மேகம் இருந்தால் பெயர் மட்டும்தான் இங்கே. இணையம் இல்லாமல் திறக்காது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் கோப்பு இப்போது கணினியில் இருக்கிறது, ஆனால் இடத்துக்காக எப்போது வேண்டுமானாலும் அகற்றப்படலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால் `Always keep on this device` கொடுத்திருக்கிறோம் என்று பொருள். அது நாமாக மாற்றும்வரை இங்கேயே இருக்கும்.

நடுவில் உள்ள சின்னம்தான் ஏமாற்றும். பச்சையைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. பயணத்திலோ வாடிக்கையாளர் வீட்டிலோ கட்டாயம் வேண்டிய கோப்பு என்றால், ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து மூன்றாவது நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சின்னம் சின்னமாகப் பார்க்க முடியாத பெரிய ஃபோல்டர் என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குள் போய் இதைக் கொடுக்கலாம்:

```
dir /s /a:o
```

உள்ளடக்கம் கணினியில் இல்லாத கோப்புகள் மட்டும் பட்டியலாக வரும். ஒன்றும் வரவில்லையென்றால் அந்த ஃபோல்டர் முழுதாக இங்கேயே இருக்கிறது.

அழித்தால் எங்கே அழியும்?

இழப்பில் முடிகிற வித்தியாசம் இங்கேதான். மூன்று முறைகளிலும் அமைப்பு என்பது அந்தந்தக் கணினிக்கு மட்டும் உரியது. நீக்கம் என்பது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது.

ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பையன், லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று 2020 ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து `Delete` அழுத்துகிறான். கிளவுடில்தான் இருக்கிறதே என்பது அவன் நினைப்பு. அது பிளேஸ்ஹோல்டர், அதை அழித்ததால் லேப்டாப்பில் இடம் எதுவும் கூடவில்லை. ஆனால் கிளவுடிலிருந்தும், மற்ற கணினிகளிலிருந்தும், உரிமையாளரின் ஃபோனிலிருந்தும் ஆல்பம் போய்விட்டது. நூலகத்தின் அட்டவணையில் ஒரு அட்டையைக் கிழித்தால் அலமாரியில் உள்ள புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அட்டையைக் கிழித்தால் புத்தகமும் சேர்ந்து போகும்.

அவன் செய்திருக்க வேண்டியது `Free up space`. அல்லது `Choose folders` போய் அந்த ஃபோல்டரின் டிக்கை எடுப்பது. இரண்டுமே இந்தக் கணினியிலுள்ள நகலை மட்டும் அகற்றும். கிளவுடில் இருப்பதைத் தொடாது. இடம் வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்கு மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டு பாதுகாப்பானவை, ஒன்று அழிவு. பழக்கத்தில் விரல் முதலில் போவது மூன்றாவதை நோக்கித்தான்.

அழித்துவிட்டால் தேட வேண்டிய இடமும் மாறுகிறது. முழுதாகக் கணினியில் இருந்த கோப்பை அழித்தால் அது விண்டோஸின் `Recycle Bin`இல் கிடக்கும். பிளேஸ்ஹோல்டர் அங்கே போகாது. ஒன்டிரைவின் இணையதளத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியில்தான் பார்க்க வேண்டும். தனிநபர் கணக்கில் 30 நாள்வரை அது அங்கே இருக்கும். கணினியின் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, போயே போய்விட்டது என்று கைவிடுகிறவர்கள் அந்த 30 நாளையும் வீணாக்கிவிடுகிறார்கள்.

கோப்பை இழுத்து வேறு இடத்தில் போடுவதும் கிட்டத்தட்ட நீக்கம்தான். ஒன்டிரைவ் ஃபோல்டரிலிருந்து அதே வட்டில் உள்ள இன்னொரு ஃபோல்டருக்கு இழுத்தால், விண்டோஸ் அதை நகலெடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒன்டிரைவின் பார்வையில் அந்தக் கோப்பு வெளியேறிவிட்டது. ஆகவே மற்ற எல்லாக் கணினிகளிலிருந்தும் அது மறையும்.

வெளி வட்டில் நகல் எடுக்கும்போது

உரிமையாளர் கவனமானவர். கிளவுடை மட்டும் நம்பக்கூடாது என்று 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குகிறார். லேப்டாப்பில் செருகி, ஒன்டிரைவ் ஃபோல்டர் முழுவதையும் பிடித்து அதில் போடுகிறார். என்ன நடக்கும்?

ஒவ்வொரு கோப்பையும் நகலெடுக்க, விண்டோஸ் முதலில் அதைப் படிக்க வேண்டும். படிக்கக் கேட்டதும் அது இணையத்திலிருந்து லேப்டாப்பின் வட்டில் இறங்கும். பிறகுதான் வெளி வட்டுக்குப் போகும். இறங்கியது லேப்டாப்பிலும் தங்கிவிடுகிறது. 120 ஜிபி காலியிடம் நிரம்பியதும் வேலை நடுவழியில் நின்றுவிடும். வெளி வட்டில் இன்னும் 800 ஜிபிக்கு மேல் இடம் இருந்தும் பயனில்லை. இரவு முழுவதும் ஓடட்டும் என்று விட்டுப் போனவர் காலையில் வந்து பார்த்தால், கால்வாசியும் சொச்சமும்தான் நகலாகியிருக்கும்.

பேக்கப் மென்பொருள்களில் வேறு விதமான ஆபத்து. பெயர் மட்டும் உள்ள கோப்புகளைச் சில மென்பொருள்கள் தாண்டிப் போய்விடும். தேவையில்லாமல் நூற்றுக்கணக்கான ஜிபி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருப்பார்கள். கடைசியில் வெற்றி என்றும் காட்டும். எடுத்த பேக்கப்பின் மொத்த அளவை ஒன்டிரைவ் கணக்கு காட்டும் அளவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். 400 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 30 ஜிபி இருந்தால், பேக்கப் ஆனது திறந்து பார்த்த கோப்புகள் மட்டுமே.

இந்த ஸ்டுடியோவுக்குச் சரியான வழி, ஒரே கணக்கை மூன்று கணினிகளில் மூன்று விதமாக வைத்துக்கொள்வது. அமைப்பு அந்தந்தக் கணினிக்கு மட்டும் உரியது என்பது இங்கே உதவுகிறது. உரிமையாளரின் லேப்டாப்பில் பிளேஸ்ஹோல்டர். நடப்பு வேலைகளுக்கு மட்டும் `Always keep on this device`. உதவியாளரின் கணினியில் இந்த வருட ஃபோல்டர் மட்டும். பழையது அவர் கண்ணில் படவே வேண்டாம். ஸ்டுடியோவிலேயே இருக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு 2 டிபி வட்டு போட்டு, ஒன்டிரைவ் ஃபோல்டரை அதில் அமைத்து, `Download all files` கொடுத்துவிட வேண்டும். வெளி வட்டுக்கான நகலை அந்த டெஸ்க்டாப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே எல்லாம் உண்மையான கோப்புகள் என்பதால் இணையமே இல்லாமலும் நகல் முழுதாக வரும்.

அந்த டெஸ்க்டாப் மட்டும் இருந்தால் போதாதா, வெளி வட்டு எதற்கு? முழு நகலும் ஒத்திசைவில்தான் இருக்கிறது. பையன் லேப்டாப்பில் அழித்த 2020 ஆல்பம் சில நிமிடங்களில் டெஸ்க்டாப்பிலிருந்தும் போய்விடும். ரேன்சம்வேர் ஒரு கணினியில் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய வடிவமே மற்றவற்றுக்கும் வந்து சேரும். முழு நகல் காப்பாற்றுவது இணையமும் கணக்கும் கைவிடும் நேரத்தில். அழிவிலிருந்து காப்பாற்றுவது, நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்த வட்டுதான்.

கணக்கைத் துண்டிக்கும் நாள்

கணினியை விற்கும்போதோ வேறு கணக்குக்கு மாறும்போதோ ஒன்டிரைவிலிருந்து கணினியைத் துண்டிப்போம். அப்போது வரும் எச்சரிக்கையைப் பெரும்பாலானோர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கணினியில் இருக்கும் கோப்புகள் இங்கேயே இருக்கும், ஆன்லைனில் மட்டும் உள்ளவை இந்தக் கணினியிலிருந்து அகற்றப்படும் என்பதே அதன் பொருள். அதாவது துண்டித்ததும் பெயர்கள் எல்லாம் மறையும். நிஜமாக இருந்தவை மட்டும் மிஞ்சும். வேலையை விட்டுப் போகிறவர் அலுவலகக் கணக்கைத் துண்டிக்கும்போதுதான், பத்து வருடமாகத் தன் கணினியில் இருப்பதாக எண்ணியதில் எவ்வளவு உண்மையில் இருந்தது என்று தெரியவரும். துண்டிக்காமலே ஒன்டிரைவ் செயலி இயங்காமல் போனால், பெயர்கள் இருக்கும், திறக்காது. `0x8007016A` என்ற எண்ணோடு, `The cloud file provider is not running` என்ற பிழைச்செய்தி வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதை அழிக்கத் தொடங்கக்கூடாது. ஒன்டிரைவை மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்ற சேவைகளில்

பெயர்கள் மாறும், சங்கதி ஒன்றுதான். டிராப்பாக்ஸில் பிளேஸ்ஹோல்டர் நிலைக்கு `Online-only` என்று பெயர். ஃபோல்டரைத் தேர்ந்தெடுப்பது `Selective sync`. அதில் ஒரு கண்ணி உண்டு. டிக் எடுத்து மறைத்த ஃபோல்டரின் பெயரிலேயே கணினியில் புதிதாக ஒன்றை உருவாக்கினால், டிராப்பாக்ஸ் இரண்டையும் சேர்க்காது. பெயரோடு `Selective Sync Conflict` என்று ஒட்டி இன்னொன்றாக வைத்துவிடும். அப்படி ஒரு ஃபோல்டர் தென்பட்டால், மறைந்திருக்கும் பழையது ஒன்று கிளவுடில் இருக்கிறது என்று அர்த்தம். கூகுள் டிரைவில் `Stream files` பிளேஸ்ஹோல்டர் போன்றது, `Mirror files` முழு நகல். ஆப்பிளின் ஐகிளவுடில் `Optimize Mac Storage` இயங்கினால், எதை மேக்கில் வைப்பது, எதை அகற்றுவது என்பதை வட்டின் காலியிடத்தைப் பார்த்துக் கணினியே முடிவு செய்யும். நம் முடிவு நம் கையில் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான்.

எந்தச் சேவையானாலும் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வைஃபையை நிறுத்துங்கள். மிகப் பழைய ஃபோல்டர் ஒன்றிலிருந்தும், அடிக்கடி தேவைப்படும் ஒன்றிலிருந்தும், தொலைந்தால் மீண்டும் உருவாக்கவே முடியாத ஒன்றிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். முதலாவது திறக்காவிட்டால் பரவாயில்லை. பிளேஸ்ஹோல்டர் இருப்பதே அதற்குத்தான். இரண்டாவது திறக்காவிட்டால் அதை நிரந்தரமாகக் கணினியில் வைக்கும்படி மாற்றுங்கள். மூன்றாவது திறக்காவிட்டால், அதன் ஒரே பிரதி உங்கள் கைக்கு எட்டாத ஒரு சர்வரில் இருக்கிறது, உங்கள் கணினியில் யாரோ அழுத்தும் ஒரு `Delete` அதையும் எட்டும். அன்றே வைஃபையைப் போட்டு, அந்த ஃபோல்டரை இறக்கி, வெளி வட்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.